குக்கியை அழித்தால் தளம் நம்மை மறந்துவிடுமா?

மாறன்: தளங்கள் உலாவியில் சேமிக்கும் சிறு குறிப்புகளான குக்கிகள் அனைத்தையும் வாரந்தோறும் அழித்துவிடுகிறேன். இனி எந்தத் தளத்திடமும் என்னைப் பற்றிய விவரம் எதுவும் இருக்காது என்று கொள்ளலாமா?

கயல்விழி: தாராளமாகக் கொள்ளலாம். தளம் நம்மைப் பற்றிக் குறித்துவைப்பவை எல்லாம் நம் கணினியிலுள்ள குக்கியில்தான் இருக்கின்றன. நான் தேர்ந்தெடுத்த மொழியின் பெயர் ஒரு குக்கியில் அப்படியே எழுதப்பட்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இளவேனில்: மொழித் தேர்வு போன்ற சில்லறை விவரங்களுக்கு அது பொருந்தும். ஆனால், நீங்கள் உள்நுழைந்ததும் சர்வர் அனுப்புவது பெரும்பாலும் இப்படியொரு வரிதான்:

```
Set-Cookie: sid=a91f7c; Path=/; Max-Age=2592000; Secure; HttpOnly
```

இதில் பெயரும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. அடுத்த 2592000 விநாடிகளுக்கு, அதாவது 30 நாட்களுக்கு, அத்தளத்தின் ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் உலாவி `a91f7c` என்ற எண்ணைச் சேர்த்து அனுப்பும்; அந்த எண்ணுக்கு உரியவர் யார், எதை வாங்கினார் என்ற பதிவு சர்வரில் இருக்கிறது. குக்கியை அழித்தால் அந்தப் பதிவு அழியாது, உங்களை அதனோடு இணைத்த எண் மட்டுமே தொலைகிறது. மாறன் மீண்டும் உள்நுழைந்த கணமே புதிய எண் ஒன்று அதே கணக்கோடு சேர்ந்துவிடும்.

செல்வம்: எனக்கு வேறொரு தொல்லை. குக்கி வேண்டாம் என்று மறுத்தாலும் அதே தளம் மறுநாள் மீண்டும் அனுமதி கேட்கிறது. உலாவியை மூடும்போதே எல்லாம் அழியுமாறு அமைத்திருக்கிறேன்.

இளவேனில்: நீங்கள் மறுத்ததையும் அத்தளம் பெரும்பாலும் ஒரு குக்கியில்தான் குறித்துவைத்திருக்கும், செல்வம். அதையும் சேர்த்து அழித்துவிடுகிறீர்கள்.

கயல்விழி: ஒரு தளம் வைத்த குக்கியை வேறு தளம் படிக்க முடியாது என்பார்கள். பிறகு ஓரிடத்தில் பார்த்த காலணி இன்னொரு தளத்தில் விளம்பரமாக வருவது எப்படி?

இளவேனில்: அந்த இரு தளங்களும் ஒன்றின் குக்கியை மற்றொன்று படிப்பதில்லை. இரண்டு பக்கங்களிலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் படமோ நிரலோ பதிக்கப்பட்டிருக்கும். அதைப் பெற உலாவி அந்நிறுவனத்தின் சர்வரை அணுகும்போது, முதல் தளத்தில் கிடைத்த எண்ணே இரண்டாம் தளத்திலிருந்தும் போகிறது. இதுதான் மூன்றாம் தரப்புக் குக்கி. சஃபாரி இவற்றை 2020 முதல் முழுமையாகத் தடுக்கிறது. குரோமில் அமைப்புகளுக்குச் சென்று நாமே தடுக்கலாம். அதைச் செய்துவிட்டு மற்றவற்றை விட்டுவிடுவதே என் வழக்கம். வாரந்தோறும் எல்லாவற்றையும் துடைப்பது வீண் வேலை.

கயல்விழி: அதை மட்டும் ஏற்க மாட்டேன். நான் உள்நுழையாமலே படிக்கும் செய்தித் தளம் குக்கியில் வைத்த எண்ணைக் கொண்டு நான் படித்த கட்டுரைகளைத் தொகுத்தால், அழித்ததும் அந்தத் தொடர் அறுந்துவிடுகிறது அல்லவா?

இளவேனில்: அங்கே அறுபடும், உண்மைதான், ஐபி முகவரி, திரை அளவு, எழுத்துருக்கள் ஆகியவற்றை வைத்து அத்தளம் உங்களை ஊகிக்காத வரை.

மாறன்: என் கணக்குகள் உள்ள தளங்களில் பதிவுகளை நீக்குமாறு தனியே கேட்கிறேன். வாராந்தரத் துடைப்பை இப்போதைக்கு நிறுத்தப் போவதில்லை.