'மற்றும்' முன்னால் காற்புள்ளி: போடலாமா, கூடாதா?

தாமரைஇலை: ஆங்கிலத்திலிருந்து விதிமுறை ஆவணங்களை மொழிபெயர்க்கிறேன். மூலத்தில் பட்டியலின் கடைசி உருப்படிக்கு முன்னாலும் காற்புள்ளி இருக்கிறது. அதை அப்படியே 'அ, ஆ, மற்றும் இ' என்று தமிழில் எழுதினால், மெய்ப்பு பார்ப்பவர் ஒவ்வொரு முறையும் அழித்துவிடுகிறார். 'நேற்று', 'கடந்த வாரம்' என்று வாக்கியம் தொடங்கும் இடத்தில் நான் போடும் காற்புள்ளியும் போய்விடுகிறது. யார் சரி?

மெய்ப்புக்காரன்: பட்டியலில் அவர் சரி. தொடக்கத்துக் காற்புள்ளியில் பாதிதான் சரி. 'அறம், பொருள், இன்பம், வீடு' என்று பள்ளியில் படித்தோமே, அதில் 'மற்றும்' எங்கே வந்தது? நாலையும் எண்ணிவிட்டு 'ஆகியவை' என்று முடித்தால் பட்டியல் தானாகவே மூடிக்கொள்ளும். இல்லையென்றால் ஒவ்வொன்றிலும் 'உம்' சேர்க்கலாம். இந்த இரண்டையும் விட்டுவிட்டு 'மற்றும்' போடுகிறோம், அப்புறம் அதற்கு முன்னால் காற்புள்ளி வேண்டுமா என்று சண்டை பிடிக்கிறோம். சண்டையே கடன் வாங்கியது.

நீலவானம்: கடன் வாங்கியது என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. அந்த ஒரு காற்புள்ளி இல்லாததால் அமெரிக்காவில் ஒரு பால் நிறுவனம் 50 லட்சம் டாலர் கொடுத்தது. கடைசி உருப்படிக்கு முன் காற்புள்ளி கட்டாயம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? கேட்டவர் தைரியமாகப் போடட்டும்.

வரைவுமேசை: அந்த வழக்கை எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். மெய்ன் மாநிலத்துச் சட்டப்படி, உணவுப் பொருள்களைச் சார்ந்த சில வேலைகளைச் செய்பவர்களுக்கு மிகைநேர ஊதியம் கிடையாது. பதப்படுத்துதல், உலர்த்துதல், சேமித்தல் என்று போகும் அந்தப் பட்டியலின் கடைசியில் 'packing for shipment or distribution' என்று ஒரு தொடர் வருகிறது. 'or' என்பதற்கு முன் காற்புள்ளி இல்லை. ஓக்ஹர்ஸ்ட் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் பாலை விநியோகித்தார்கள், பொதி கட்டவில்லை. பொதி கட்டுவதற்கு மட்டும்தான் விலக்கு என்றால் அவர்களுக்கு மிகைநேர ஊதியம் உண்டு. விநியோகம் தனி உருப்படி என்றால் கிடையாது.

கீழ் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. ஆனால் 'காற்புள்ளி இல்லை, ஆகவே ஓட்டுநர்கள் வென்றார்கள்' என்று அது சொல்லவில்லை. தொடர் இரண்டு பொருளுக்கும் இடம் தருகிறது, அப்படி இருக்கும்போது அந்தச் சட்டத்தின் நோக்கப்படி தொழிலாளிக்குச் சாதகமான பொருளைத்தான் எடுக்க வேண்டும் என்றது. நிறுவனத்துக்கும் வலுவான வாதம் இருந்தது. அந்த மாநிலத்தின் சட்ட வரைவுக் கையேடே கடைசிக் காற்புள்ளி வேண்டாம் என்கிறது. அது இல்லாததை எப்படி ஆதாரமாகக் காட்ட முடியும் என்று கேட்டார்கள். ஓட்டுநர்கள் சொற்களின் வடிவத்தைக் காட்டினார்கள். பட்டியலில் மற்ற வேலைகள் எல்லாம் ஒரே விகுதியில் முடிகின்றன, விநியோகத்தைக் குறிக்கும் சொல் மட்டும் வேறு வடிவில் நிற்கிறது. நீங்கள் சொல்லும் 50 லட்சம், தீர்ப்பில் விதித்த தொகையும் இல்லை. அடுத்த ஆண்டு இரு தரப்பும் சமரசமாக ஒப்புக்கொண்டது.

நீலவானம்: சரி, தொகையைத் தீர்ப்பு என்று நினைத்திருந்தேன். ஆனால் அந்தக் காற்புள்ளி இருந்திருந்தால் வழக்கே வந்திருக்காதே?

வரைவுமேசை: வந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். பிறகு சட்டத்தைத் திருத்தியபோது உருப்படிகளை அரைப்புள்ளியால் பிரித்தார்கள், 'விநியோகித்தல்' என்ற பொருள் வரும்படி சொல்லின் வடிவத்தையும் மாற்றினார்கள். குறி ஒன்றையே நம்பி விடவில்லை.

தாமரைஇலை கவனிக்க வேண்டியது வேறு. அந்தத் தொடரைத் தமிழில் எழுதிப் பாருங்கள். 'அனுப்பவோ விநியோகிக்கவோ பொதி கட்டுதல்' ஒன்று. 'அனுப்பப் பொதி கட்டுதல், விநியோகித்தல்' இன்னொன்று. எந்தக் குறியும் இல்லாமலே பொருள் பிரிந்துவிடுகிறது. மூலத்தின் ஐயத்தை ஐயமாகவே தமிழுக்குக் கொண்டுவருவதுதான் கஷ்டம். ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், அது மொழிபெயர்ப்பாளரின் அதிகாரத்துக்கு உட்பட்டதில்லை. இப்படி ஒரு வரி வந்தால் எழுதியவரிடம் கேட்டுவிடுங்கள்.

கமலி_ர: எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் மேலாளர் ஒரு செய்தி அனுப்பினார்: "திங்கட்கிழமை வந்த கோப்புகளை நீக்கிவிடுங்கள்." திங்களன்று வந்த 40 கோப்புகளையும் அன்றே நீக்கினேன். அவர் சொல்ல வந்தது, இதுவரை வந்ததை எல்லாம் வரும் திங்கட்கிழமை நீக்க வேண்டும் என்று. நான் நீக்கியதில் பாதி அந்த வாரமே தேவைப்பட்டது. திட்டு எனக்கு. இப்போது எங்கே பார்த்தாலும் காற்புள்ளி போடுகிறேன்.

மெய்ப்புக்காரன்: பாதிதான் சரி என்றேனே, அந்த மீதிப் பாதி இதுதான். 'வந்த' என்ற பெயரெச்சம் தனக்கு முன்னால் நிற்கும் காலச்சொல்லை இழுத்துக்கொள்ளும். 'திங்கட்கிழமை, வந்த கோப்புகளை நீக்கிவிடுங்கள்' என்றால் அந்தப் பிடி விடும். ஆனால் அவசரத்தில் படிப்பவர் கண்ணில் அந்தச் சின்னக் குறி படாது. 'வந்த கோப்புகளைத் திங்கட்கிழமை நீக்கிவிடுங்கள்' என்று இடம் மாற்றினால் குறியே வேண்டாம். 'நேற்று மழை பெய்தது' மாதிரி, இழுக்க எதுவும் இல்லாத வாக்கியத்தில் காற்புள்ளி வெறும் தடுக்கல். எங்கே பார்த்தாலும் போடாதீர்கள் அம்மா.

கமலி_ர: அவர் எழுதும் வாக்கியத்தை நான் எப்படி இடம் மாற்றுவது?

நீலவானம்: அதேதான். எல்லோரும் அழகாக இடம் மாற்றி எழுத மாட்டார்கள். 'தொடக்கத்தில் காலச்சொல்லா, காற்புள்ளி போடு' என்று ஒரே விதி இருந்தால் அந்த மேலாளரும் போட்டிருப்பார். பட்டியலுக்கும் அதுவே. உங்கள் 'உம்'மை வைத்து இதை எழுதுங்கள் பார்க்கலாம்: 'நிதி, ஆராய்ச்சி மற்றும் வளர்ச்சி மற்றும் விற்பனைப் பிரிவுகள்.' எத்தனை பிரிவு?

மெய்ப்புக்காரன்: 'நிதி, ஆராய்ச்சி மற்றும் வளர்ச்சி, விற்பனை ஆகிய மூன்று பிரிவுகள்.' 'மூன்று' என்று எண்ணைச் சொல்லிவிட்டால் சந்தேகம் இல்லை. ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். பெயருக்குள்ளேயே 'மற்றும்' இருக்கும்போது 'உம்' ஒட்டினால் கேவலமாக இருக்கிறது. 'ஆராய்ச்சி மற்றும் வளர்ச்சியும்' என்று எழுதக் கை வரவில்லை.

உங்கள் கடைசிக் காற்புள்ளியும் குழப்பும். 'என் மாமா, ஒரு வக்கீல், மற்றும் மேலாளர் வந்தார்கள்.' வந்தவர்கள் இரண்டு பேரா, மூன்று பேரா? மாமாதான் வக்கீலா? கடைசிக் காற்புள்ளியை எடுத்தால் மூன்று பேர் என்று படிக்கத் தோன்றும். 'மாமாவும் ஒரு வக்கீலும் மேலாளரும்' என்றால் சந்தேகமே கிடையாது. மாமாதான் வக்கீல் என்றால் 'வக்கீலான என் மாமாவும் மேலாளரும்.'

நீலவானம்: மூன்று உருப்படிக்குச் சரி. ஒவ்வொன்றும் இரண்டு வரி நீளும் நிபந்தனைகளில் 'உம்' எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். அங்கே காற்புள்ளிதான் கண்ணுக்குத் தெரியும்.

வரைவுமேசை: அவ்வளவு நீளம் என்றால் காற்புள்ளியும் தோற்கும், ஏனென்றால் உருப்படிக்குள்ளேயே வேறு காற்புள்ளிகள் இருக்கும். அரைப்புள்ளி போடுங்கள், இல்லையென்றால் வரிசை எண் கொடுத்துத் தனித்தனி வரியாக்குங்கள்.

தாமரைஇலை: என் கோப்பில் தேடினேன். 'மற்றும்' முன்னால் காற்புள்ளி 31 இடங்களில் இருந்தது. 26-ஐ 'ஆகிய' போட்டு மாற்றிவிட்டேன், எதுவும் கெடவில்லை. மூன்றில் பெயருக்குள்ளேயே 'மற்றும்' இருக்கிறது, அவற்றைத் தொடவில்லை. மீதி இரண்டில் மூலமே இரண்டு பொருள் தருகிறது. எழுதியவருக்குக் கேள்வி அனுப்பியிருக்கிறேன். மெய்ப்பு பார்ப்பவர் அந்த மூன்றையும் அழித்தால் என்ன சொல்வது?

நீலவானம்: அழிக்க விடாதீர்கள்.

மெய்ப்புக்காரன்: 'மூன்று பிரிவுகள்' மாதிரி எண்ணைச் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் அவர் அழித்தால் பரவாயில்லை.