ஜெர்மனிக்கு அனுப்பிய மிதியடிக்கு வரி எந்த நாட்டுக்கு? பில்லில் 5% சேர்த்ததால் பணத்தைக் குறைத்துத் தருகிறார்கள்

ஈத்தாமொழி_கயிறு எழுதியது:

ஈத்தாமொழிப் பக்கம் எங்களுக்குச் சிறிய கயிற்று மிதியடிப் பட்டறை இருக்கிறது. இதுவரை உள்ளூர் வியாபாரம்தான். இந்த முறைதான் முதன்முதலாக ஹாம்பர்க்கில் உள்ள ஒரு கடைக்காரருக்கு நேரடியாக அனுப்பியிருக்கிறோம். சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏறி ஒரு வாரம் ஆகிறது.

பில் யூரோவில் போட்டது, ரூபாய்க்கு மாற்றிச் சொல்கிறேன். சரக்கு மதிப்பு 6,00,000. அதற்கு ஐ.ஜி.எஸ்.டி. 5%, அதாவது 30,000. இரண்டையும் கூட்டி 6,30,000 தர வேண்டும் என்று பில் அனுப்பினேன். அவர் 6,00,000 மட்டும்தான் தருவேன், 19% வரியை என் நாட்டில் நான் கட்டுகிறேன், உங்கள் நாட்டு வரியை ஏன் என் தலையில் வைக்கிறீர்கள் என்று கேட்டு மெயில் போட்டிருக்கிறார்.

எனக்குப் புரியவில்லை. பொருள் இங்கே செய்தது. தும்பு இங்குள்ளது, தண்ணீர், கரண்ட் எல்லாம் இங்குள்ளது. அப்படியானால் வரி இந்தியாவுக்குத்தானே? அந்த 30,000 என் கையிலிருந்து போக வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தக்கலை_கணக்கு:

அண்ணே, ஏற்றுமதிக்கு வரியே கிடையாது. விலக்கு அளித்த பொருள் மாதிரிதான். வரி போட்டதே தப்பு. பில்லில் அந்த வரியை எடுத்துவிட்டு வேறு பில் அனுப்பிவிடுங்கள், அதோடு மறந்துவிடலாம்.

---

குழித்துறை_கடை:

எனக்கும் இதே சந்தேகம் உண்டு. நான் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்குப் பிளாஸ்டிக் நாற்காலி அனுப்புகிறேன். அதுவும் வெளியே போகிற சரக்குதானே, வரி இல்லாமல் பில் போடலாமா?

---

ஓய்வு_வணிகவரி:

வணிகவரித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். களியக்காவிளை எல்லையில் நாள் முழுக்க லாரி பார்த்த அனுபவம் உண்டு. ஒவ்வொன்றாக வருகிறேன்.

முதலில் ஈத்தாமொழித் தம்பிக்கு. உங்கள் ஹாம்பர்க் கடைக்காரர் சொல்வது சரி. இந்த வரி செய்தவர் மேல் விழுவது இல்லை, பயன்படுத்துகிறவர் மேல் விழுவது. மிதியடியில் யார் காலைத் துடைக்கிறாரோ, அவர் இருக்கும் நாட்டுக்குத்தான் வரி. இதைச் சேருமிடக் கொள்கை என்பார்கள். நீங்கள் நினைத்தது தோன்றுமிடக் கொள்கை: செய்த ஊர் வரி வாங்கும், வாங்கும் ஊர் கை வைக்காது.

ஹாம்பர்க் கடையில் இரண்டு மிதியடி பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறது என்று வையுங்கள். ஒன்று உங்களுடையது, மற்றது அங்கேயே செய்தது. வரிக்கு முந்தைய விலை இரண்டும் 100. செய்த ஊரில் வரி என்றால் உங்களுடையது 105, அவர்களுடையது 119. தரம் ஒன்றாக இருந்தும், இந்திய வரி குறைவு என்ற ஒரே காரணத்தால் உங்களுடையது விற்கும். நாளை நம் வரி 28 ஆனால் அப்படியே தலைகீழாகும். சேருமிடத்தில் வரி என்றால் இரண்டும் 119. போட்டி மிதியடிக்கும் மிதியடிக்கும் இடையில் நடக்கும், வரிக்கும் வரிக்கும் இடையில் நடக்காது.

இப்போது நீங்கள் சேர்த்த 30,000 அவருக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். கப்பல் கூலி, சுங்கத் தீர்வை இரண்டையும் ஒதுக்கிவிடுகிறேன். 6,00,000க்கு 19% என்றால் 1,14,000. பில்லில் 6,30,000 இருந்தால் 1,19,700. அந்த 19% அவருக்குப் பெரிய சுமை இல்லை. கடை நடத்துகிறவர் என்பதால் தன் விற்பனை வரியில் கழித்துக்கொள்வார். ஆனால் உங்கள் 30,000ஐ ஜெர்மனியில் எந்தக் கணக்கிலும் கழிக்க முடியாது. இன்னொரு நாட்டு வரியை அவர்கள் கிரெடிட்டாக ஏற்பதில்லை. அது முழுக்க அவருக்கு நஷ்டம். அதனால்தான் மறுக்கிறார்.

குழித்துறைக்காரருக்கு: திருவனந்தபுரம் ஏற்றுமதி இல்லை, அது மாநிலம் விட்டு மாநிலம். நீங்கள் ஐ.ஜி.எஸ்.டி. போட்டே ஆக வேண்டும். ஆனால் அதில் மாநிலப் பங்கு கேரளத்துக்குப் போகும், நமக்கு இல்லை. 2017 ஜூலைக்கு முன்பு இப்படி இல்லை. மத்திய விற்பனை வரி 2 சதவீதம் வாங்கி, அது தமிழ்நாட்டு கஜானாவுக்கு வந்தது. அந்த 2 சதவீதத்துக்கு வாங்குபவர் தர வேண்டிய சி ஃபாரம் இல்லாத பில்லுக்கு நாங்கள் எத்தனை நோட்டீஸ் எழுதியிருப்போம்! அதுதான் தோன்றுமிட வரி. பெட்ரோல், டீசலுக்கு இன்றும் அந்தப் பழைய முறை இருக்கிறது.

---

குழித்துறை_கடை:

நன்றி சார். பாறசாலைக்காரர் என் கடைக்கு வந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனால்?

---

ஓய்வு_வணிகவரி:

பதிவு எண் இல்லாதவர், பில்லில் முகவரியும் எழுதவில்லை என்றால் அது உங்கள் கடையிலேயே முடிந்த விற்பனை. தமிழ்நாட்டுக்கே வரி. அவர் எங்கே கொண்டுபோய்ப் போட்டு உட்காருகிறார் என்று யாராலும் பின்தொடர முடியாது. சேருமிடக் கொள்கை கவுண்டர் விற்பனையில் கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும்.

---

நாகர்கோவில்_ஆடிட்டர்:

தக்கலைத் தம்பி சொன்னதைத் திருத்த வேண்டும், ஏனென்றால் அதைக் கேட்டு நடந்தால் பணம் போய்விடும். ஏற்றுமதி விலக்கு அளிக்கப்பட்ட விற்பனை இல்லை, பூஜ்ய வரி விற்பனை. விலக்கு என்றால் நூலுக்கும் அட்டைப்பெட்டிக்கும் ரப்பருக்கும் நீங்கள் கட்டிய வரி உங்களோடு போயிற்று. பூஜ்ய வரி என்றால் அது திரும்பி வரும்.

வழி இரண்டு. ஒன்று, ஐ.ஜி.எஸ்.டி.யை நீங்களே கட்டி, ஏற்றுமதி முடிந்ததும் திரும்பப் பெறுவது. அதற்குச் சுங்கத்தில் கொடுக்கும் ஷிப்பிங் பில்லே விண்ணப்பம், தனியாக எழுத வேண்டாம். வாங்குபவரிடம் கேட்கவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான், அரசு அதை உங்களுக்கே தந்துவிடுகிறது. இரண்டு, நிதியாண்டு தோறும் `RFD-11` போட்டு எல்.யு.டி. என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்துவிட்டு வரி கட்டாமலே அனுப்புவது. உள்ளே தங்கிய கிரெடிட்டை `RFD-01` மூலம் கேட்பது.

எது லாபம் என்று எல்லோரும் கேட்பார்கள். தம்பி, ஒரு மாதக் கணக்காக வைத்துக்கொள்வோம். ஏற்றுமதி 6,00,000. உள்ளூர் விற்பனை 4,00,000, அதன் வரி 20,000. மூலப்பொருள் வாங்கியதில் கட்டிய வரி 25,000.

முதல் வழியில் உங்கள் வரிப் பொறுப்பு 30,000ம் 20,000ம் சேர்ந்து 50,000. கிரெடிட் 25,000 போக, கையிலிருந்து 25,000 கட்டுகிறீர்கள். 30,000 திரும்பி வருகிறது. நிகரமாக 5,000 கையில்.

இரண்டாம் வழியில் உள்ளூர் வரி 20,000ஐ கிரெடிட்டிலேயே அடைக்கிறீர்கள். மீதம் 5,000. ஏற்றுமதியைக் கிரெடிட்டால் பெருக்கி மொத்த விற்பனையால் வகுக்கும் ரீஃபண்ட் சூத்திரம் வேறு சொல்லும்:

```
6,00,000 × 25,000 ÷ 10,00,000 = 15,000
```

இதைப் பார்த்து 15,000 வரும் என்று நம்பாதீர்கள். சூத்திரத் தொகை, மாத முடிவில் லெட்ஜரில் உள்ள மீதம், விண்ணப்பிக்கும் நாளில் உள்ள மீதம், இம்மூன்றில் எது குறைவோ அதுதான். ஆக 5,000.

இரண்டு வழியிலும் 5,000 தான். இந்திய அரசிடம் கடைசியில் என்ன தங்குகிறது என்று பாருங்கள். மூலப்பொருளில் வந்த 25,000இல் 5,000 போக 20,000. அது உங்கள் உள்ளூர் விற்பனையின் வரி, ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஏற்றுமதி மிதியடியில் இந்தியா ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. நான் வாடிக்கையாளருக்குச் சேருமிடக் கொள்கையை விளக்க இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன்.

வித்தியாசம் ரொக்க ஓட்டத்தில்தான். முதல் வழியில் 25,000 சில வாரம் முடங்கும். எல்.யு.டி.யில் அது இல்லை, ஆனால் பில் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் சரக்கு நாட்டை விட்டுப் போகாவிட்டால் வரியும் 18% வட்டியும் கட்ட வேண்டும்.

---

ஈத்தாமொழி_கயிறு:

கணக்கைப் பார்த்ததும் மனது லேசாகிவிட்டது. ஆனால் நான் அனுப்பிய பில் 6,30,000 என்று இருக்கிறதே?

---

நாகர்கோவில்_ஆடிட்டர்:

கிளியரிங் ஏஜென்டிடம் ஷிப்பிங் பில் நகல் வாங்குங்கள். அதில் சரக்கு மதிப்பு 6,00,000, ஐ.ஜி.எஸ்.டி. 30,000 என்று தனித்தனியாக இருந்தால் பயமில்லை. வாங்குபவருக்கு மட்டும் 6,00,000க்குத் திருத்திய வணிகப் பில் அனுப்புங்கள். கப்பல் இன்னும் கடலில்தான் இருக்கிறது, அவர் அங்கே சுங்கத்தில் கொடுக்கும் முன் போய்ச் சேர வேண்டும். ஷிப்பிங் பில்லிலேயே 6,30,000 மதிப்பு ஏறியிருந்தால் வங்கிக் கணக்கில் 30,000 வராத பாக்கியாகத் தொங்கும், அதை அப்போது வங்கியோடு பேச வேண்டும்.

அப்புறம், `GSTR-1` அட்டவணை 6Aயில் பில் எண்ணை ஷிப்பிங் பில்லில் உள்ளபடி, கோடு புள்ளி உட்பட, எழுதுங்கள். ஒன்றில் EXP/07, மற்றதில் EXP-07 என்றால் `SB005` என்று பிழை காட்டி ரீஃபண்ட் நின்றுவிடும். திருத்தம் அடுத்த `GSTR-1`இல் 9Aயில். `GSTR-3B`யில் 3.1(b) வரியில் போடுங்கள், பழக்கத்தில் 3.1(a)வில் போட்டால் அதுவும் நிற்கும்.

---

பனையோலை_அக்கா:

என் கதை கொஞ்சம் வேறு. எங்கள் ஊர்ப் பெண்கள் சேர்ந்து பனையோலைக் கூடை பின்னி, இணையத்தில் லண்டன் வீடுகளுக்கு ஒன்றிரண்டாக அனுப்புகிறோம். ஒரு பார்சலை நிறுத்தி, பிரிட்டன் வரி எண் எங்கே என்று கேட்டார்கள். வாங்கியவர் கடைக்காரர் இல்லையே, அவர் எதற்கு வரி கட்டுவார்? நாங்கள் ஏன் கட்ட வேண்டும்?

---

ஓய்வு_வணிகவரி:

அக்கா, அங்கேயும் வரி பிரிட்டனுக்குத்தான், வசூலிக்கிற ஆள் மட்டும் மாறுகிறார். 2021 ஜனவரி முதல், 135 பவுண்டு வரையிலான பார்சலுக்கு விற்பவரே அங்கே பதிவு செய்து, விற்கும்போதே 20% வாங்கிக் கட்ட வேண்டும். பெரிய விற்பனைத் தளம் வழியாக விற்றால் அந்தத் தளமே கட்டிவிடும். 135க்கு மேல் என்றால் பழையபடி எல்லையில் இறக்குமதி வரி. சிறு பார்சலுக்கு எல்லையில் ஒவ்வொன்றாக நிறுத்தி வாங்குவது கட்டுப்படியாகாது என்பதால் இப்படி. மாதம் பத்துக் கூடைக்கு வெளிநாட்டில் பதிவு என்பது உங்களுக்குச் சுமைதான், அதை நான் மறுக்க மாட்டேன். தளம் வழியாகப் போவது நல்லது.

---

தக்கலை_கணக்கு:

விலக்கு என்று சொன்னது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. தும்பு கொண்டுவரும் லாரியின் டீசல் வரி, கரண்ட் வரி எல்லாம் ஜி.எஸ்.டி.யில் இல்லையே? அது திரும்பி வருமா?

---

நாகர்கோவில்_ஆடிட்டர்:

ஜி.எஸ்.டி. வழியாக வராது. அது மிதியடி விலைக்குள் ஒட்டிக்கொண்டே கப்பல் ஏறுகிறது, அந்த அளவுக்கு வரி செய்த நாட்டில்தான் தங்குகிறது. அதைச் சரிக்கட்ட 2021 முதல் ரோடெப் என்ற திட்டம் உண்டு, ஷிப்பிங் பில்லில் அதற்கான ஒப்புதலைக் குறித்திருக்க வேண்டும். உண்மையில் சுமந்த வரியை முழுக்க ஈடு கட்டுகிறதா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. ஆனால் சுமந்ததை விடக் கூடுதலாகத் தந்தால் உலக வர்த்தக விதியில் அது மானியமாகிவிடும்.

---

ஈத்தாமொழி_கயிறு:

ஷிப்பிங் பில் நகல் வந்துவிட்டது. மதிப்பு 6,00,000 என்றே இருக்கிறது. திருத்திய பில்லை ஹாம்பர்க்குக்கு இன்று அனுப்பிவிட்டேன், பதில் இன்னும் வரவில்லை. ரோடெப் கட்டத்தில் ஏஜென்ட் ஒன்றும் குறிக்கவில்லை. கப்பல் போன பிறகு அதைச் சேர்க்க வழி உண்டா என்று யாராவது செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.