குறுகிய சந்தில் 5ஜி: கம்பத்துப் பெட்டி வந்தபின் என்ன மாறியது? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

தெருமுனைவாசி

சவுகார்பேட்டையில் வாடகை வீடு. என்.எஸ்.சி. போஸ் சாலையில் நிற்கும்வரை 5ஜி பறக்கும். எங்கள் சந்துக்குள் திரும்பி நாற்பது தப்படி நடந்தால் போதும், 4ஜிக்கு இறங்கிவிடும். இத்தனைக்கும் சந்தின் வாயில் நின்று அண்ணாந்து பார்த்தால் எதிர் மாடியில் புது ஆன்டெனா தெரிகிறது. போன மாதம் சந்தின் நடுவில் விளக்குக் கம்பத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து வீட்டுக்குள்ளேயே 5ஜி நன்றாக இருக்கிறது. ஆனால் முன்பு பிரச்சினையே இல்லாத சந்து வாயில் இப்போது வீடியோ கால் திக்குகிறது. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

வாசன்_வேளச்சேரி

அந்தப் பெட்டியே தேவையில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 5ஜி ஆன்டெனா பழைய டவர் மாதிரி எல்லாப் பக்கமும் அலையை இறைப்பதில்லை. டார்ச் அடிப்பதுபோல உங்கள் போன் இருக்கும் திசைக்கு மட்டும் குவித்து அனுப்பும், நீங்கள் நடந்தால் கூடவே வரும். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு எதிரே அப்படி ஒன்று வைத்தார்கள். பத்து மாடியிலும் ஒரே நேரத்தில் எல்லோரும் படம் பார்க்கிறார்கள், யாருக்கும் வேகம் குறையவில்லை. உங்கள் ஏரியாவில் டவரின் பவரைக் கூட்டச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

கம்பமேறி

பதினோரு வருடமாக நெட்வொர்க் ஆப்டிமைசேஷன் வேலையில் இருக்கிறேன். வாசன் சொல்வது அவர் குடியிருப்புக்கு முழுக்கச் சரி. கடைத்தெருவுக்குப் பொருந்தாது. ஏன் என்று நானே ஒரு சந்தில் நடந்து அளந்துதான் புரிந்துகொண்டேன்.

சென்னையில் ஒரு மொத்த வியாபாரச் சந்து. அகலம் 5 மீட்டர், நீளம் 220 மீட்டர். சந்தின் தலைமாட்டிலேயே 25 மீட்டர் உயரத்தில், 64 டிரான்ஸ்மிட்டர் உள்ள பெரிய பேனல், சந்தை நேராகப் பார்த்தபடி இருந்தது. இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் சாயங்காலமானால் புகார் வரும். சிக்னல் போதவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நான் காலை ஆறு மணிக்கு, ஷட்டர் எதுவும் திறக்காத நேரத்தில் போனேன். 150 மீட்டர் உள்ளே ஒரு பிள்ளையார் கோயில் வாசலில் நின்று பார்த்தேன். சிக்னல் பலத்தைக் காட்டும் `SS-RSRP` -88, வேகம் 400 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல். அதே நாள் மாலை ஏழு மணிக்கு அதே வாசல். `SS-RSRP` கிட்டத்தட்ட அதே -89. வேகம் 12.

சிக்னல் குறையவே இல்லை, கவனியுங்கள். அப்படியானால் பவரைக் கூட்டி என்ன ஆகப்போகிறது?

இப்படி அலையைக் குவித்து அனுப்பும் பீம்பார்மிங்கின் பெரிய லாபமே ஒரே அலைவரிசையை ஒரே நொடியில் பல பேருக்குப் பல திசையில் கொடுப்பதுதான். அதற்கு அந்தப் பல பேரும் ஆன்டெனாவின் பார்வையில் வேறு வேறு திசையில் இருக்க வேண்டும். வாசனுடைய குடியிருப்பில் ஆட்கள் இடம் வலமாகவும் மாடி மாடியாகவும் பரந்து இருக்கிறார்கள். என் சந்தில் 150 மீட்டர் தள்ளி 5 மீட்டர் அகலம் என்றால் அது வெறும் இரண்டு டிகிரி. அந்தப் பேனலின் மிகக் கூர்மையான பீமே பத்து டிகிரிக்கு மேல் விரிந்திருக்கும். நானூறு பேர் தோளோடு தோள் உரசி நடந்தாலும் ஆன்டெனாவுக்கு அத்தனை பேரும் ஒரே புள்ளிதான். மேலும் கீழுமாகப் பிரிக்கலாமே என்று கேட்கலாம். பக்கத்தில் இருப்பவர்களைப் பிரிக்க முடியும். 100 மீட்டர் தாண்டிவிட்டால் 200 மீட்டரில் நிற்பவருக்கும் இவருக்கும் இடையே ஆறேழு டிகிரிதான் வித்தியாசம். ஆக, அத்தனை பேரும் ஒரே பீமைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். காலையில் நான் ஒருவனே முழுசாக எடுத்துக்கொண்டேன், மாலையில் பிய்த்துப் பிய்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

இரண்டு கம்பங்களில், 7 மீட்டர் உயரத்தில், சுமார் 90 மீட்டர் இடைவெளியில் ஸ்மால் செல் எனும் சின்னப் பெட்டிகளை வைத்தோம். பெரிய பேனல் 200 வாட் என்றால் இவை ஒவ்வொன்றும் 20 வாட். நான்கே டிரான்ஸ்மிட்டர் இருப்பதால் பீமைக் கூர்மையாக்கும் திறமை இவற்றுக்குப் பெரிதாக இல்லை. ஆனால் சந்தை நீளவாக்கில் மூன்று துண்டாக வெட்டிவிட்டன, ஒவ்வொரு துண்டுக்கும் முழு அலைவரிசையும் தனித்தனியாகக் கிடைத்தது. அடுத்த வாரம் அதே கோயில் வாசலில் மாலை ஏழுக்கு 140 வந்தது.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது, அது வெளியே தெரியாது. டவர் 200 வாட்டில் கத்தினாலும் உங்கள் போன் பதில் பேசுவது அரை வாட்டுக்கும் குறைவான சக்தியில். அந்தப் பதிலை வைத்துத்தான் பீமை எப்படிக் குவிப்பது என்று டவர் கணக்குப் போடுகிறது. தூரத்திலிருந்து வரும் பதில் தேய்ந்துவிட்டால் பீமும் தோராயமாகிவிடும்.

தெருமுனைவாசி, உங்கள் சந்து என்னுடையதுபோல் இல்லை. உங்களுக்கு ஆன்டெனா எதிர் மாடியில், பக்கவாட்டில் இருக்கிறது. திரும்பியதும் சுவர் மறைத்துவிடும். 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை மூலை திரும்ப ரொம்பச் சிரமப்படும். எதிர்ச் சுவரில் பட்டுத் தெறித்து வருவதில் ஏதோ கொஞ்சம் உள்ளே எட்டும், அவ்வளவுதான். சந்து வாயில் திக்குவது வேறு கதை. அங்கே நின்று, போன் எந்தச் செல்லோடு இணைந்திருக்கிறது என்று காட்டும் `PCI` எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஜவுளி_மொத்தம்

என் கடையும் அந்தப் பக்கம்தான். உள்ளே குடோனில் ஸ்கேன் செய்தால் பணம் வந்ததற்கான சத்தம் வர ஒரு நிமிடம் ஆகிறது, வாடிக்கையாளர் நின்றுகொண்டே இருக்கிறார். மூவாயிரத்து ஐந்நூறு கொடுத்து ஒரு பூஸ்டர் வாங்கி மாடியில் ஆன்டெனா வைத்தேன். 4ஜி கட்டம் நிறைகிறது, 5ஜி மட்டும் வரவில்லை. நீங்கள் சொல்லும் பீம் வாங்க இதிலேயே ஏதாவது மாற்ற வேண்டுமா?

கம்பமேறி

அண்ணாச்சி, தயவுசெய்து அதை முதலில் அணைத்துவிடுங்கள். உரிமம் இல்லாமல் பூஸ்டர் வைப்பது சட்டப்படி தவறு, அது ஒரு பக்கம் இருக்கட்டும். அது பழைய 4ஜி அலைவரிசைகளைத்தான் பெருக்கும், 3.5 பக்கமே போகாது. கூடவே இரைச்சலையும் பெருக்கி டவரை நோக்கி அனுப்பும். அப்போது அக்கம்பக்கத்துப் போன்கள் பேசுவது டவருக்குக் கேட்காமல் போகும். சில நிறுவனங்களின் 5ஜி, 4ஜியின் தோளில் ஏறி நிற்பது. 4ஜி தடுமாறினால் 5ஜியும் கூடவே விழும். உங்களுக்கு வேண்டியது குடோனுக்குள் ஒரு வைஃபை இணைப்பு. கம்பத்துப் பெட்டி தெருவுக்காக வைப்பது, இரண்டு செங்கல் சுவரும் இரும்பு ஷட்டரும் தாண்டி உங்கள் குடோன்வரை வரும் என்று நம்ப வேண்டாம்.

சிகாகோ_சிவா

இங்கே நான் பார்த்தது இதன் மறு எல்லை. சிகாகோ நகர மையத்தில் 2019 ஏப்ரலில் 28 கிகாஹெர்ட்ஸில் 5ஜி வந்தது, எல்லாமே விளக்குக் கம்பங்களில். இங்குள்ள பெட்டியில் ஆன்டெனா உறுப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், பீம் நிஜமாகவே ஊசி மாதிரிதான். கம்பத்தைப் பார்த்து நின்றபோது ஆயிரம் எம்பிபிஎஸ் தாண்டியது. அப்படியே முதுகைத் திருப்பினேன், என் உடம்பே மறைத்து 4ஜி ஆகிவிட்டது. கையில் போனைப் பிடிக்கும் விதம்கூடக் கணக்கு. மழைக்காக ஒரு பேருந்து நிறுத்தத்தின் கண்ணாடிக்குப் பின்னால் ஒதுங்கினேன், அங்கும் பாதியாகக் குறைந்தது. எங்களுக்கு ஒவ்வொரு கம்பமும் நூறு, நூற்றைம்பது மீட்டர்தான் தாங்கும். அதனால் சென்னையில் 3.5இல் 90 மீட்டருக்கு ஒன்று வைப்பதைப் படிக்க எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. இவ்வளவு நெருக்கம் தேவையா?

கம்பமேறி

எட்டும் தூரத்துக்காக என்றால் தேவையில்லை சிவா. 250 மீட்டருக்குக்கூட ஒன்று போதும். ஆட்களைப் பங்கு பிரிக்கத்தான் அவ்வளவு நெருக்கம். கூட்டம் இல்லாத தெருவில் நான் அப்படி வைக்க மாட்டேன்.

ராதா_உக்கடம்

கோவையில் இந்தப் பெட்டிகளைப் பராமரிக்கும் குழுவில் இருக்கிறேன். ஒரு அனுபவம் சொல்கிறேன், பலருக்குத் தெரியாத கோளாறு. பஜார் சந்தில் ஒரு பெட்டி தினமும் மதியம் ஒன்றரைக்குமேல் தானாக நின்றுவிடும், இரவில் எழுந்துவிடும். கரண்ட் இருக்கிறது, ஃபைபர் ஓடுகிறது. சூடாகிறதோ என்று நான்கு நாள் தேடினோம்.

கடைசியில் அது நேரம் தவறுகிற பிரச்சினை. 3.5இல் அனுப்புவதும் கேட்பதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடக்கும். எல்லாச் செல்லும் ஒரே கணத்தில் அனுப்பி ஒரே கணத்தில் கேட்க வேண்டும். ஒன்றரை மைக்ரோ நொடிக்குமேல் தவறக்கூடாது. தவறினால் பக்கத்துச் செல் கேட்கும் நேரத்தில் இது கத்தும், அதனால் தானே நின்றுகொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். நேரத்தை ஜிபிஎஸ்ஸிலிருந்து எடுக்கிறது. நாலு மாடிக் கட்டிடங்களுக்கு நடுவே சந்துக்குத் தெரியும் வானம் ஒரு பட்டைதான். பெட்டியின் இடம் முன்பே பதிவாகியிருந்தால் ஒரே ஒரு செயற்கைக்கோள் தெரிந்தால்கூட நேரம் கிடைக்கும். இதில் அந்தப் பதிவைச் செய்யாமல் விட்டிருந்தார்கள், அதனால் நான்கு தேடிக்கொண்டிருந்தது. காலையில் கடைகள் தார்ப்பாய் இழுத்துக் கட்டியதும் நான்கு கிடைக்காது, மூன்று மணி நேரம் தாக்குப்பிடித்துவிட்டு நின்றுவிடும். இடத்தைப் பதிவு செய்து, ஜிபிஎஸ் ஆன்டெனாவை மட்டும் கேபிள் போட்டு மொட்டைமாடிக்கு ஏற்றினோம். அதன் பிறகு நிற்கவில்லை.

கம்பத்துக்கு வாடகை ஒரு பொருட்டே இல்லை. 2022 ஆகஸ்டில் வந்த விதித் திருத்தத்தில் நகரத்தில் ஆண்டுக்கு 300 ரூபாய் என்றுதான் வைத்தார்கள். ஃபைபரும் மின் இணைப்பும்தான் மாதக்கணக்கில் இழுக்கும்.

தெருமுனைவாசி

நேற்று மாலை சந்து வாயில் நின்று பார்த்தேன். `PCI` 211, 87 என்று இரண்டு எண்கள் மாறி மாறி வருகின்றன. ஒரு நிமிடத்தில் ஒன்பது முறை மாறியது. `SS-RSRP` இரண்டிலும் -80 பக்கம், நன்றாகத்தான் இருக்கிறது. இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு மேலே நிற்கிறது என்று காட்டும் `SS-SINR` மட்டும் 0, 1, -2 என்று வருகிறது. பத்து தப்படி உள்ளே போனால் 87 மட்டும்தான், `SS-SINR` 19.

கம்பமேறி

அதுதான். பெரிய ஆன்டெனாவும் பெட்டியும் ஒரே அலைவரிசையில், சந்து வாயில் சம பலத்தில் மோதுகின்றன. ஒருவர் பேச்சு மற்றவருக்கு இரைச்சல். போன் அங்குமிங்கும் தாவும்போதெல்லாம் உங்கள் கால் ஒரு கணம் அறுந்து ஒட்டுகிறது. நான் என்றால் பெட்டியின் பவரைப் பாதியாக்கி, சாலைப் பக்கம் பார்க்கும் ஆன்டெனாவைக் கொஞ்சம் கீழே சாய்ப்பேன். அப்புறம், புதிய செல் 3 டெசிபல் அதிகமாக, 320 மில்லி நொடி தொடர்ந்து இருந்தால்தான் தாவலாம் என்று வைப்பேன். புகார் கொடுக்கும்போது இந்த இரண்டு எண்களையும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். 'சிக்னல் இல்லை' என்று மட்டும் எழுதினால் பவரைக் கூட்டிவிட்டுப் போவார்கள், இன்னும் மோசமாகும்.

ராதா_உக்கடம்

பவரைப் பாதியாக்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சந்தின் கடைசி வீடுகளுக்கு மறுபடி 4ஜிதான் மிஞ்சும். முதலில் சாய்த்து மட்டும் பார்க்கலாம், போதாவிட்டால் பெட்டிக்கு வேறு அலைவரிசை கொடுக்கலாம்.

கம்பமேறி

வேறு அலைவரிசை கொடுத்தால் மோதல் தீரும், உண்மைதான். ஆனால் 100 மெகாஹெர்ட்ஸை இரண்டாகப் பிரித்தால் சாலையில் இருப்பவர்களுக்கும் சந்தில் இருப்பவர்களுக்கும் பாதி பாதிதான் கிடைக்கும். நான் அதைச் செய்ய மாட்டேன். கடைசி வீட்டில் எவ்வளவு வருகிறது என்று தெரிந்தால்தான் பவரைப் பற்றிச் சொல்ல முடியும்.

தெருமுனைவாசி

கடைசி வீட்டுப் பாட்டி எனக்குப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை போய் அவர் வாசலிலும் உள் அறையிலும் எடுத்துவிட்டு வந்து எண்களைப் போடுகிறேன். புகாரில் இரண்டு `PCI`களையும் எழுதி இன்று அனுப்பிவிட்டேன்.