புதுப்பிப்பு: ஓட்டப் பயிற்சியும் பல் கூச்சமும்

நான் முன்பு இங்கே கேட்டது: "தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிறேன். இனிப்பு அதிகம் சாப்பிடுவதில்லை, ஆனாலும் பல் கூசுகிறது. ஏன்?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சாட்ஸ்வொர்த் அக்கா சொன்னதுதான் சரி: எவ்வளவு குடித்தேன் என்பதைவிட எத்தனை முறை குடித்தேன் என்பதே விஷயம். நீள ஓட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒரு மிடறு ஸ்போர்ட்ஸ் டிரிங்க். அதிலுள்ள அமிலத்தை எச்சில் ஆற்ற ஏறக்குறைய அரை மணி நேரம் வேண்டும். அந்த இடைவெளியை நான் விடவே இல்லை.

இப்போது 1 மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு வெறும் தண்ணீர். நீள ஓட்டத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை நாலு வாய் சேர்த்துக் குடித்து, உடனே தண்ணீரால் கொப்பளிக்கிறேன். ஓட்டத்தில் சாப்பிடும் எனர்ஜி ஜெல்லுக்கும் அப்படியே.

ஓடி முடித்ததும் பல் தேய்க்கச் சொன்ன தம்பி பாதி சரி. ஃபுளோரைடு பேஸ்ட் வேண்டும்தான். ஆனால் அமிலத்தில் இளகிய எனாமலை பிரஷ் உரசிவிடும். 1 மணி நேரம் பொறுக்கிறேன். பல் வெளுக்க எலுமிச்சை சொன்ன மாமா, நான் கேட்டது கூச்சத்தைப் பற்றி, அதுவும் அமிலம்தான்!

6 வாரத்தில் கூச்சம் பெரும்பாலும் போய்விட்டது. எதிர்பாராதது ஒன்று: பல் டாக்டர் கண்ணாடி பிடித்து, கடைவாய்ப் பல்லின் மேட்டில் சிறு குழிகளைக் காட்டினார். சொத்தை இல்லை, ஆனால் போன எனாமல் வளராதாம். குழி ஆழமாகிறதா என்று அடுத்த முறை படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ஓடும்போது வாய் வறள்வதும் இதற்கு ஒரு காரணமா என்பது இன்னும் தெளிவாகவில்லை.