எஃப்1: கூட்டி ரெண்டால வகுத்தா என்ன தப்பு?

புதுவரவு
ஸ்பேம் எஸ்எம்எஸ் பிரிக்கிற மாடல் போட்டிருக்கேன். சோதனைக்கு எடுத்து வச்சது 1000 மெசேஜ், அதுல நிஜமான ஸ்பேம் 60. மாடல் 48 மெசேஜை ஸ்பேம்னு சொல்லுது, அதுல 36 சரி. பிரிசிஷன் 0.75, ரீகால் 0.60. கூட்டி ரெண்டால வகுத்தா 0.675. எஃப்1 மட்டும் 0.667. இந்தத் துளி வித்தியாசத்துக்கு எதுக்கு இசைச் சராசரி?

கறார் கந்தசாமி
ரெண்டுல எது குறைவோ அந்தப் பக்கம் இழுக்கும், அவ்வளவுதான். ஒண்ணு படுத்துட்டா ஸ்கோரும் படுக்கணும்னு போட்ட அபராதம். அதுக்கு `min(P, R)` போதுமே, 0.60னு நேரா சொல்லிடும்.

எண்ணும் எழுத்தும்
இழுக்கும் என்பது சரி. ஆனால் அபராதத்துக்காக வலிந்து சேர்த்த சூத்திரம் அல்ல. இரண்டு பின்னத்திலும் மேலே இருப்பது அதே 36. கீழே இருப்பதுதான் வேறு: ஒன்றில் மாடல் பிடித்த 48, மற்றதில் உண்மையான ஸ்பேம் 60. தொகுதி ஒன்றாக இருக்கும்போது சராசரி எடுக்க வேண்டியது பகுதிகளுக்குத்தான். 48க்கும் 60க்கும் நடு 54. 36-ஐ 54ஆல் வகுத்தால் 0.667. இசைச் சராசரி செய்வது இவ்வளவுதான்.

புதுவரவு, உங்கள் எண்களில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் வித்தியாசம் தெரியவில்லை. 1000 மெசேஜையும் ஸ்பேம் என்று சொல்லும் உருப்படாத மாடலை வைத்துப் பாருங்கள். ரீகால் 1, பிரிசிஷன் 0.06. கூட்டுச் சராசரி 0.53 கொடுத்துவிடும். எஃப்1-இல் 60-ஐ 530ஆல் வகுக்கிறோம், 0.113. `min` இங்கே நன்றாகத்தான் வேலை செய்யும். ஆனால் ரீகால் 0.60-இல் நிற்க, பிரிசிஷனை 0.75-இலிருந்து 0.90க்கு ஏற்றினாலும் அது 0.60-ஐ விட்டு நகராது. உழைத்தது கணக்கிலேயே வராது.

மல்லிப்பூ
எனக்கும் இதே மாதிரி ஸ்பேம் டேட்டாதான், எஃப்1 0.96 வருது! 0.667க்கு மாடலை மாத்துங்க, சராசரியைப் பத்திக் கவலைப்படாதீங்க.

எண்ணும் எழுத்தும்
மல்லிப்பூ, `average='weighted'` போட்டிருக்கிறீர்களா?

மல்லிப்பூ
ஆமா. போடலைன்னா `pos_label=1 is not a valid label`னு எரர் வந்துச்சு. என் லேபிள் எல்லாம் `ham`, `spam`னு எழுத்துல இருக்கு.

எண்ணும் எழுத்தும்
எரர் போனது, கேள்வியும் மாறிப்போனது. புதுவரவின் மாடலையே `ham` பக்கத்திலிருந்து அளந்தால் சரியானவை 928, தவறுகள் அதே 36, எஃப்1 0.981. `weighted` அதற்கு 94 பங்கும் `spam`-இன் 0.667க்கு 6 பங்கும் தரும். வருவது 0.962. அவருடைய மாடலுக்கும் உங்கள் 0.96தான்! இப்படிப் போட்டுப் பாருங்கள்:

```python
f1_score(y_true, y_pred, pos_label='spam')
```

மல்லிப்பூ
0.61 😐

கறார் கந்தசாமி
இதைத்தான் சொல்ல வந்தேன், ஒத்தை நம்பரை நம்பாதீங்க. புதுவரவு மாடல் தப்பாப் பிடிச்சது 12. இன்னொரு மாடல் 75-ஐப் பிடிச்சு, 45 சரி, 30 தப்புன்னு வச்சுக்கோங்க. பிரிசிஷன் 0.60, ரீகால் 0.75. எஃப்1 அதே 0.667. அந்த 30-ல பேங்க் ஓடிபி மாட்டிக்கிட்டா? மெசேஜ் காணாமப் போனவனுக்கு ரெண்டும் ஒண்ணா?

எண்ணும் எழுத்தும்
ஒன்றில்லை. எஃப்1 இரண்டு தவறையும் ஒரே எடையில் வைக்கிறது. அதற்குத்தான் `fbeta_score`. `beta=0.5` கொடுத்தால் பிரிசிஷன் பக்கம் சாயும்: முதல் மாடலுக்கு 0.714, நீங்கள் சொன்னதற்கு 0.625.

கறார் கந்தசாமி
அந்த 0.5 எங்கேயிருந்து வந்துச்சு? 0.4 ஏன் இல்லை? யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. நான் பிரிசிஷன் 0.95க்குக் கீழே போகக்கூடாதுன்னு கோடு போட்டுட்டு, அதுக்குள்ள ரீகால் அதிகமா வர்ற த்ரெஷோல்டை எடுப்பேன். மேனேஜருக்கும் புரியும்.

புதுவரவு
அப்படி த்ரெஷோல்டை ஏத்திப் பார்த்தேன். 0.95 வர்ற இடத்துல மாடல் 20 மெசேஜைத்தான் பிடிக்குது, 19 சரி. ரீகால் 0.32.

எண்ணும் எழுத்தும்
அந்த 20-இல் இன்னும் ஒன்று தவறியிருந்தால் 0.90, ஒன்றும் தவறாவிட்டால் 1. ஒரே மெசேஜில் கோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது. இவ்வளவு சின்ன டேட்டாவில் 0.95 என்று கோடு கிழிப்பது எனக்கு ஒப்பவில்லை.

கறார் கந்தசாமி
சின்ன டேட்டால எஃப்1 மட்டும் ஆடாதா? இன்னும் மெசேஜ் லேபிள் பண்ணச் சொல்லுங்க.

எண்ணும் எழுத்தும்
அதுவும் ஆடும்தான். ஆனால் லேபிள் செய்வது மலிவில்லை. இதே விகிதம் என்றால், இன்னொரு 1000 மெசேஜைக் கையால் பார்த்தாலும் கூடுதலாகக் கிடைப்பது 60 ஸ்பேம்தான்.