ஃபைவ் எஸ் ஆடிட்டில் 52 மார்க்: எதை முதலில் சரிசெய்தீர்கள்?

பட்டறைக்காரன், கோவை

பம்ப் உதிரிபாகம் கடையும் பட்டறை. இடத்தை ஒழுங்காக, சுத்தமாக வைத்து அதைத் தொடர்கிறோமா என்று பார்க்க, போன மாதம் முதல்முறையாக நாங்களே ஃபைவ் எஸ் ஆடிட் போட்டோம். ஐந்து தலைப்பு, தலைப்புக்கு ஐந்து கேள்வி, கேள்விக்கு 0 முதல் 4 வரை மார்க். சார்ட் 15, செட் இன் ஆர்டர் 10, ஷைன் 14, ஸ்டாண்டர்டைஸ் 8, சஸ்டெயின் 5. மொத்தம் 52.

நானும் சூப்பர்வைசரும் தனித்தனியாக மார்க் போட்டோம். இரண்டு மார்க்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் இடத்துக்கே போய்ப் பார்ப்பது என்று பேச்சு. நாலாவது லேத் பக்கத்து நடைபாதைக்கு அவர் 3 போட்டார், நான் 0. அவர் பார்த்தது காலையில், மரத்தூள் போட்டுக் கூட்டிய பிறகு. மதியம் மூன்று மணிக்குச் சேர்ந்து போனால் மறுபடி ஈரம். 0 என்றே முடிவானது. ஆனாலும் ஷைனுக்கு 14 வந்துவிட்டதே, மொத்த மார்க்கில் அந்த 0 தெரியவே இல்லை.

லைன் லீடர்

குறைவு சஸ்டெயின்தானே, அங்கிருந்து தொடங்குங்கள். வாரம் ஒரு செக்லிஸ்ட் ஒட்டினால் மார்க் தானாக ஏறும். எங்களுக்கு ஏறியது.

பழைய மெயின்டனன்ஸ்

ஏறும் தம்பி, பேனா ஏற்றும். ஸ்பேனர், ஆலன் கீ மாதிரி சாமானுக்கு இடமே இல்லாதபோது செக்லிஸ்டில் எதைப் பார்த்து டிக் போடுவது? நான் மார்க்கைத் தள்ளி வைத்துவிட்டு, ஆள் வழுக்கி விழக்கூடியது, தீயணைப்பானை மறைப்பது மாதிரி விஷயங்களை அன்றைக்கே முடிப்பேன். அப்புறம் ஒரு ஷிஃப்டில் அதிக தடவை ஆளை அலைய வைப்பது எது என்று எண்ணிப் பார்ப்பேன்.

அந்த ஈரத்தை விரலில் தொட்டுப் பாருங்கள். பால் மாதிரி வெள்ளையாக இருந்தால் கூலன்ட். பழுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தால் மெஷின் ஆயில், சீலைப் பார்க்க வேண்டும்.

டூவீலர் மெக்கானிக்

சர்டிஃபிகேட் வாங்க எத்தனை மார்க் வேண்டும்? என் கடையில் ஸ்பேனர் போர்டு மாட்டிவிட்டேன்.

பட்டறைக்காரன், கோவை

அண்ணே, சர்டிஃபிகேட்டுக்கு இல்லை, எங்களுக்காகப் போட்டது.

மெயின்டனன்ஸ் ஐயா சொன்னபடி தொட்டேன், வெள்ளை. டிரேயில் கூலன்ட் திரும்பும் துளையைச் சிப்ஸ் அடைத்திருந்தது. சுத்தம் செய்து வலை வைத்தோம், ஷிஃப்ட் முடிவில் வலையைத் தட்டுவது அந்த ஆபரேட்டர் வேலை. அடுத்து ஆலன் கீ. ஒரே செட், சூப்பர்வைசர் மேஜையில். இரண்டாவது லேத் ஆபரேட்டர் ஒரு ஷிஃப்டில் 23 தடவை எழுந்து போனார். மெஷினுக்கு ஒரு செட் வாங்கி நிழல் போர்டு அடித்தோம்.

இந்த மாதம் 63. சஸ்டெயின் அதே 5. ஆடிட் தேதியைச் சொல்லாமல் போகலாம் என்கிறேன். சொன்னால்தான் ஆட்கள் பழகுவார்கள் என்கிறார் சூப்பர்வைசர்.

லைன் லீடர்

சொல்லாமல் போனால் மார்க் இறங்கும்.

பழைய மெயின்டனன்ஸ்

இறங்கட்டுமே. ஆனால் முதல் இரண்டு மாதம் சொல்லிவிட்டே போங்கள்.