வீடு விற்ற தேதியா, கடிதம் கொடுத்த தேதியா? பாலிசி ரீஃபண்ட் அனுபவங்களைச் சொல்லுங்கள்

ராமமூர்த்தி நகர் வாசி

2025 ஜூலை 18-ம் தேதி எங்கள் வீட்டைப் பத்திரம் பதிந்து கொடுத்துவிட்டோம். வீட்டின் மேல் பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டு இன்சூரன்ஸ் பாலிசி இருந்தது. லோன் எடுத்தபோது பேங்கே போட்டுக் கொடுத்தது. பத்து வருஷத்துக்கு ஒரே தவணையாக 18,000 ரூபாய், ஜிஎஸ்டி 3,240 தனி. ஆரம்பம் 2021 ஆகஸ்ட் 1.

வீடு மாறுவது, பையனின் ஸ்கூல், சாமான் ஏற்றுவது என்று ஓடியதில் பாலிசி நினைவே இல்லை. செப்டம்பர் 9 அன்றுதான் ஃபைலில் கண்ணில் பட்டது. அன்றே ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் ஸ்கிரீனை என் பக்கம் திருப்பி, ஆகஸ்ட் 1 என்ற தேதியின் மேல் விரலை வைத்தாள். "சார், ஐந்தாவது வருஷம் ஆரம்பிச்சிடுச்சு. இனி ஆரம்பிக்காத ஐந்து வருஷத்துக்குத்தான் பணம் வரும்." அந்த விரல் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பதிவு முடிந்த கையோடு, ஆகஸ்ட் பிறப்பதற்குள் போயிருந்தால் ஆறு வருஷத்துக்கு 10,800 வந்திருக்கும். இப்போது 9,000. ஜிஎஸ்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த 9,000 ரூபாயையும் மூடிவிட்ட லோன் கணக்குக்கே அனுப்பி, அது திரும்பிப் போய், மறுபடி கேன்சல் செய்த செக் கொடுத்து வாங்க ஐந்து வாரம் ஆனது. பாலிசியில் பேங்க் பெயர் அப்படியே இருந்ததுதான் காரணம். லோன் பாக்கி இல்லை என்ற கடிதத்தைக் கொடுத்து அந்தப் பெயரை முதலில் எடுத்திருக்க வேண்டுமாம்.

என் கேள்வி ஒன்றுதான். ஜூலை 18-க்குப் பிறகு அந்த வீடு என்னுடையது இல்லை. எரிந்திருந்தாலும் எனக்கு ஒரு பைசா கொடுத்திருக்க மாட்டார்கள். அப்படியிருக்க ஐந்தாவது வருஷத்துப் பணத்தை எப்படி எடுத்துக்கொள்ளலாம்?

முருகேஷ்பாளையா

ஏன் சார் கேன்சல் செய்தீர்கள்? வாங்கியவர் பெயருக்கு மாற்றிவிட்டு மிச்ச வருஷத்துப் பணத்தை அவரிடமே வாங்கியிருக்கலாமே. பாலிசி வீட்டோடு போகும். நான் ஸ்கூட்டர் விற்றபோது இன்சூரன்ஸ் தானாக அவருக்குப் போய்விட்டது. 14 நாளைக்குள் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். வீட்டுக்கும் அதே கணக்குதான்.

அல்சூர் அக்கா

பொது இன்சூரன்ஸ் ஆபீசில் 27 வருஷம் வேலை பார்த்தவள் நான். முருகேஷ்பாளையா தம்பி, ஸ்கூட்டர் கணக்கு வீட்டுக்குச் செல்லாது. வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 157-வது பிரிவு இருக்கிறது, அதனால் தானாகப் போகிறது. வீட்டுக்கு அப்படி ஒரு பிரிவு கிடையாது. பழைய தீ பாலிசியின் நிபந்தனையிலேயே, சொத்தில் உங்கள் பாத்தியதை கைமாறினால் காப்பு நின்றுவிடும் என்று இருந்தது. உயில் மூலமோ, வாரிசுக்குச் சட்டப்படியோ போனால் மட்டும் விலக்கு. வாங்குபவர் பெயருக்கு மாற்ற வேண்டுமானால் கம்பெனி சம்மதித்து, நஷ்டம் எதுவும் நடப்பதற்கு முன்பே பெயர் மாற்றத்தைப் பாலிசியில் எழுதி என்டார்ஸ்மென்ட் போட்டுத் தர வேண்டும். வழி இருக்கிறது, தானாக நடக்காது. வாங்குபவருக்கும் அவருடைய பேங்க் பெயரைச் சேர்க்க வேண்டியிருக்கும். அதனால் பதிவு நாளிலிருந்து புதிதாக எடுப்பதே சுலபம்.

ராமமூர்த்தி நகர் சார், கவுண்டர் பெண் சொன்னது, இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ 2024-ல் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி. காரணம் சொல்லாமலேயே எப்போது வேண்டுமானாலும் கேன்சல் செய்யலாம். ஒரு வருஷ பாலிசி, கிளெய்மும் வாங்கவில்லை என்றால், மீதி நாளுக்கு விகிதப்படி பணம் வரும். பல வருஷ பாலிசியில் இன்னும் ஆரம்பிக்காத வருஷங்களுக்கு வரும். ஆனால் நீங்கள் சும்மா மனசு மாறி கேன்சல் செய்யவில்லை. காப்பீடு செய்ய உங்களுக்கு இருந்த உரிமையே ஜூலை 18-ல் போய்விட்டது. அந்த வாதத்தில் பலம் இருக்கிறது. பாலிசி நிபந்தனையில் விற்பனை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் பார்த்து, பதிவு எண்ணும் தேதியும் உள்ள பத்திர நகலை வைத்து, கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ நம் பெங்களூரு ஜே.பி. நகரில் இருக்கும் இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் கிடையாது. ஜெயிக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். நீங்கள் தகவல் சொல்லும்வரை எங்களுக்குத் தெரியாதே என்று அவர்கள் பக்கமும் ஒரு பேச்சு உண்டு.

ஹொரமாவு

இவர் தாமதமாகப் போய் 1,800 இழந்தார். நான் சீக்கிரம் போய் இழந்ததைக் கேளுங்கள். 2025 ஏப்ரலில் அக்ரிமென்ட் போட்டேன். "இனி எதுக்கு சார் பாலிசி, கேன்சல் பண்ணி காசு வாங்கிக்கோங்க" என்றார் புரோக்கர். வருஷ பிரீமியம் 3,600, ஏழு மாதம் மிச்சம். 2,100 ரூபாய் கணக்குக்கு வந்தது, சந்தோஷப்பட்டேன். வாங்குபவரின் லோனும், மாநகராட்சியின் சொத்துப் பதிவான இ-காத்தாவும் இழுத்துக்கொண்டே போக, பதிவு ஜூனுக்குத் தள்ளிப்போனது.

மே 18 ராத்திரி மழை. சாய் லேஅவுட் பக்கம் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலை படியில் நின்று பார்க்கிறேன், காலி கேஸ் சிலிண்டர் ஒன்று மிதந்து வந்து சமையலறைக் கதவில் டொக் டொக்கென்று இடிக்கிறது. மோட்டார், சுவிட்ச் போர்டு, மர அலமாரி எல்லாம் போச்சு. வாங்குபவர் விலையில் 2,75,000 குறைத்துக்கொண்டுதான் பதிந்தார். நஷ்டம் அவருடையது என்று வாதாடிப் பார்த்தேன், வக்கீல் தலையை ஆட்டிவிட்டார்.

அல்சூர் அக்கா

வக்கீல் சொன்னது சரிதான். நம் நாட்டில் அக்ரிமென்டால் வீடு கைமாறாது, பதிவுப் பத்திரத்தால்தான் மாறும். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54, 55 பிரிவுகளைப் பார்த்தால் தெரியும். பதிவு ஆகும்வரை வெள்ளமோ தீயோ விற்பவர் தலையில்தான். பதிவு முடியும்வரை பாலிசியைத் தொடவே கூடாது.

கே.ஆர்.புரம்

எனக்கும் இதேதான். லோனை மூடியும் 1,10,000 ரூபாய் பாலிசி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டை விற்றதால் ரத்தாகும் என்று கேட்டால், வேண்டுமானால் சரண்டர் செய்யுங்கள், இல்லாவிட்டால் காப்பு தொடரும் என்றார்கள். வீடே இல்லாமல் வீட்டு பாலிசி எப்படித் தொடரும்?

முருகேஷ்பாளையா

சார், உங்களுடையது உயிருக்கான பாலிசி. லோன் எடுத்தவர் இறந்தால் கடனை அடைக்கும் வகை. வீட்டை விற்றதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சான்றிதழில் காப்பீடு செய்யப்பட்டவர் என்ற இடத்தில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும், வீட்டு விலாசம் இருக்காது.

அக்கா, ஸ்கூட்டர் விஷயத்தில் நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் யாரும் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மாமா பதிவுக்குப் பிறகு ஒன்றரை மாதம் அதே வீட்டிலேயே வாடகைக்கு இருந்தார். கட்டிடம் வாங்கியவருடையது, ஆனால் டிவி, ஃபிரிட்ஜ், துணிமணி மாமாவுடையது. அவர் மொத்த பாலிசியையும் கேன்சல் செய்துவிட்டதால் அந்த ஒன்றரை மாதமும் சாமானுக்குக் காப்பே இல்லை. அப்படி இருக்கப் போகிறவர்கள், கடிதம் கொடுப்பதற்கு முன்பே சாமானுக்கு மட்டும் தொடர முடியுமா, புது விலாசத்துக்கு மாற்ற முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். முடியாது என்றால் சாமானுக்குத் தனியாக ஒன்று எடுத்துக்கொள்ளலாம். வீடு பூட்டிக் கிடந்தாலும் கவனம் வேண்டும். தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆள் இல்லாமல் இருந்தால் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும் என்று என் பாலிசியில் இருக்கிறது.

ராமமூர்த்தி நகர் வாசி

அக்கா, நன்றி. பத்திரத்தின் நகல், பேங்க் கடிதம், அவர்கள் கொடுத்த ரீஃபண்ட் கணக்கு மூன்றையும் சேர்த்து குறைதீர் அதிகாரிக்கு மெயில் அனுப்பிவிட்டேன். ஜூலை 18-ஐ வைத்துக் கணக்குப் போடச் சொல்லி மீதி 1,800 கேட்டிருக்கிறேன். புகார் எண் வந்துவிட்டது. 30 நாள் பார்க்கிறேன், பிறகு ஜே.பி. நகர்.